நாலாவது வரியின் முற்றுப்புள்ளி

பெங்களூரில் பேக்கிங் மெஷின் விற்கும் கம்பெனியில், பிரான்சில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு பிரெஞ்சில் மெயில் எழுதுவது என் வேலை. பட்டியல் விஷயத்தில் நான் கறார், எல்லாம் பிரெஞ்சு முறைப்படி இருக்க வேண்டும். தேவையான கருவிகளுக்குச் சிறுகோடு, செய்முறைக்கு எண்ணும் அடைப்புக்குறியும். இரண்டிலும் ஒவ்வொரு வரியும் சின்ன எழுத்தில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும். கடைசி வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி. கம்ப்யூட்டர் தானாகப் போடும் பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்துவேன்.

ஒரு நாள் காலை, பழைய தங்கச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி, ஒரு வாடிக்கையாளருக்கு மெஷினை ஓட வைக்கும் செய்முறையை ரயிலில் உட்கார்ந்தே நாலு படிகளாக எழுதி முடித்தேன். பங்காருபேட்டை ஸ்டேஷன் தாண்டும்போது ஐந்தாவது நினைவுக்கு வந்தது: காற்று வால்வைத் திறக்க வேண்டும். அதையும் கீழே சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் ரயிலில் போகும்போது அவரிடமிருந்து பதில் வந்தது. மெஷின் ஓடவில்லை. மெயிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு செய்தாராம். நாலு படியும் முடித்தாயிற்றாம். ஐந்தாவது அடுத்த தாளுக்குப் போயிருக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தாளைத் திருப்பக்கூடவா தெரியாது இந்த ஆளுக்கு?" என்று, தினமும் எதிரே உட்காரும் அக்காவிடம் பொரிந்தேன்.

"நீ இன்னா எழுதினேன்னு பாத்தியா மொதல்ல?" என்றார் அவர்.

திறந்து பார்த்தேன். நாலாவது வரியின் முடிவில் பழைய முற்றுப்புள்ளி அப்படியே இருந்தது. நான் நிறுத்தச் சொன்ன இடத்தில்தான் அந்த மனிதர் நிறுத்தியிருந்தார்.