கோசைன் பக்கம் இல்லாத புத்தகம்

மச்சாள் தெற்கிலிருந்து வந்து இறங்கியபோது அவவின் கையில் கோரைப் புல்லில் பின்னிய ஒரு பன் பை மட்டும்தான் இருந்தது. அதற்குள் மாற்றுச் சேலை ஒன்று, ஒரு சீப்பு, கணக்குப் பாடத்துக்கான ஒரு மடக்கை அட்டவணைப் புத்தகம். அவவின் புருசன், என் அண்ணை, வரவில்லை. தெற்கில் அவர் வைத்திருந்த கடையும் இல்லை. அது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம். எங்கள் கரம்பொன் வீட்டில் அன்று யாரும் பெரிதாக அழுததாக எனக்கு நினைவில்லை. அம்மா அடுப்பில் உலை வைத்தா. ஐயா கதிரையில் இருந்தபடி, "கிணத்தடியில போய்க் காலைக் கழுவு, பிள்ளை" என்றார். மச்சாளும் போய்க் கழுவினா. அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீடு மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. ஊன்றினால் நிற்கும், ஆனால் ஊன்றியிருக்கிறோம் என்று தெரியாது.

மச்சாள் ஓ.எல் சோதனையில் கணக்கு மட்டும் கோட்டை விட்டவ. கலியாணம் முடித்துக் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில் இருந்தபோது, திரும்ப எடுக்கச் சொல்லி அண்ணைதான் அந்த மடக்கைப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவர். இப்போது ஆசுப்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. மற்றப் பாடமெல்லாம் இருக்கிறது, கணக்கு ஒன்றுதான் வேண்டும். வயதெல்லை காரணமாக அந்த மார்கழிச் சோதனைதான் அவவுக்குக் கடைசி. அதை விட்டால் எங்கள் வீட்டுப் பின் அறைதான், சாகும்வரை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவவின் வாயை நான் ஆசையாகக் கேட்பேன். பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காய வைத்துக்கொண்டே வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பா.

"என்னடி, உன்ர மச்சாள் கணக்குப் படிக்கிறாவாம்? காகத்துக்கு வைக்கிற சோத்தை எண்ணப் போறாவோ?"

"ஓம் பெரியம்மா, உங்கட ஒடியலையும் எண்ணித் தாறம். காகம் கொண்டு போறதுக்குக் கணக்கு வேணுமெல்லே."

"போடி, வாயாடி. உன்ர வாய்க்குச் சம்பளம் குடுத்தா ஐயா பென்சனைத் தூக்கி எறிஞ்சிடுவார்."

எனக்கும் கணக்குச் சரிவராதுதான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் நான். மச்சாளுக்குத் துணையாக நானும் பள்ளிக்கூடம் போகாமலே வெளிவாரியாக விண்ணப்பித்தேன். படிப்பிக்க ஆள் இல்லை, புளியங்கூடலுக்கு ரியூசனுக்குப் போக மச்சாள் வெளியே வரமாட்டா. இரண்டு பேரும் குசினி நிலத்தில் இருந்து, பழைய பாடப்புத்தகத்தை நடுவில் வைத்து, கண்ணைக் கட்டி விட்டவர்கள் மாதிரித் தடவித் தடவிப் படித்தோம்.

திரிகோண கணிதத்துக்கு வந்தபோதுதான் மடக்கைப் புத்தகத்தை ஒழுங்காகத் திறந்து பார்த்தோம். சைன் பக்கம் இருந்தது. தாஞ்சன் பக்கம் இருந்தது. நடுவில் கோசைன் தாள் இல்லை. கிழித்த விளிம்பு மட்டும் நூலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மச்சாள், இந்தத் தாள்?"

"அகதி முகாமில ஆரோ கிழிச்சவை. ஒரு குழந்தைப் பிள்ளைக்கு பால்மா சுத்திக் குடுக்கக் கடதாசி இல்லை எண்டு கேட்டவை. நான் பாக்கேல்லை எந்தத் தாளெண்டு."

ஐயா யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். மச்சாள், "வேண்டாம் மாமா, இது காணும்" என்றா. காணும் என்றால் எப்படிப் போதும்? கேள்வியில் பாதி கோசைன் கேட்கிறது. நான் அதைச் சொன்னேன். 

இரண்டொரு நாள் கழித்து, அடுப்புச் சாம்பலை நிலத்தில் பரப்பி அதில் விரலால் ஒரு செங்கோண முக்கோணி கீறினா. என்னை ஒரு மூலையில் இருக்கச் சொன்னா. தான் மற்ற மூலையில் குந்திக்கொண்டா. செங்கோணம் அடுப்புப் பக்கம்.

"உம்மட மூலை நாப்பது பாகை எண்டு வையும். அப்ப என்ர மூலை எவ்வளவு?"

"அம்பது. ரெண்டையும் கூட்டினாத் தொண்ணூறு."

"ஓம். இப்ப அடுப்பில இருந்து உம்மட மூலைக்கு வாற இந்தக் கோடு. இது உமக்கு என்ன பக்கம்?"

"எனக்கு அயற்பக்கம். என்ர காலுக்குப் பக்கத்தில கிடக்கு."

"எனக்கு?"

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவவின் மூலைக்கு அது நேர் எதிரே கிடந்தது.

"உங்களுக்கு எதிர்ப்பக்கம்."

"சரிஞ்ச கோடு, செம்பக்கம், ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். நீர் அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால பிரிச்சா அது நாப்பதின்ர கோசைன். நான் எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால பிரிச்சா அது அம்பதின்ர சைன். பிரிக்கிறது அதே கோட்டை, அதே கோட்டால."

சைன் பக்கத்தில் ஐம்பதைப் பார்த்தா. புள்ளி ஏழு ஆறு ஆறு பூச்சியம். "இதுதான் நாப்பதின்ர கோசைன்" என்று சாம்பலிலேயே எழுதிவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் கை தட்டினேன். அம்மா பின்னால் வந்து, "சாம்பலை அள்ளுங்கோ, தேங்காய் துருவோணும்" என்றா.

அதன் பிறகு கோசைன் என்று எங்கே கண்டாலும் தொண்ணூறிலிருந்து கழித்துக்கொண்டு சைனுக்குப் போனோம். பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை வந்தால் தொண்ணூறை எண்பத்தொன்பது பாகை அறுபது கலை என்று உடைத்துக் கழிப்போம். சைன் பக்கத்தில் ஆறு ஆறு கலைக்குத்தான் பெறுமானம் இருக்கும். இடையில் வருகிற கலைகளுக்கு ஓரத்தில் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பார்த்துக் கூட்டவேண்டும். கூட்டிக் கூட்டி அது கைப்பழக்கமாகிவிட்டது. மச்சாள் மா இடிக்கும்போதும் வாய் முணுமுணுக்கும். தொண்ணூறில் இருந்து பதினேழு போனால் எழுபத்து மூன்று. தொண்ணூறில் இருந்து அறுபத்தெட்டு போனால் இருபத்திரண்டு. பெரியம்மா வேலிக்கு மேலால் கேட்டுவிட்டு, "உவள் செபிக்கிறாளோ, சபிக்கிறாளோ" என்றா.

அண்ணையின் பெயரை அவ ஒரு நாளும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சோதனை ஊர்காவற்றுறையில். காலையில் இரண்டு பேரும் நடந்தே போனோம். மண்டபத்தில் அவவுக்குப் பின்மேசை எனக்கு. வினாத்தாளோடு ஆளுக்கொரு மடக்கை அட்டவணையும் கொடுத்தார்கள். முழுப் புத்தகம். ஒரு தாள் குறையாமல்.

நான் என் பாட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது எழுதுகிற மாதிரி இருந்தேன். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தபோது மச்சாளின் முழங்கை அசையவில்லை. பேனை மேசையில் கிடந்தது. தலை மட்டும் குனிந்தபடி. முன்னால் திறந்திருந்தது கோசைன் பக்கம் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. மேற்பார்வையாளர் இரண்டு தரம் அவவைக் கடந்து போனார். மூன்றாவது தரம் நின்று, "பிள்ளை, சுகமில்லையோ?" என்றார். மச்சாள் தலையை ஆட்டினா. ஆமென்றா இல்லையென்றா, எனக்குத் தெரியவில்லை. முடிந்தது, இனிப் பின் அறைதான் என்று நினைத்தேன். நினைத்தும் நெஞ்சு பதறவில்லை. அந்த நாட்களில் எதற்கும் பதறவில்லை.

பிறகு பேனை அசைந்தது.

சோதனை முடிந்து நடந்தே திரும்பினோம். பனங்காணி தாண்டியதும் அவவே தொடங்கினா. அவ்வளவு நீளமாக அவ பேசி நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

"கம்பத்தை இழுத்துக் கட்டின கம்பிக் கணக்கு வந்ததெல்லே. கம்பி பத்து மீற்றர், நிலத்தோட முப்பத்து நாலு பாகை இருபது கலை. கம்பத்தின்ர அடிக்கும் கம்பி கட்டின முளைக்கும் எவ்வளவு தூரம் எண்டு."

"ஓம். கோசைன்."

"கோசைன் பக்கம்தான் இருக்கே எண்டு அதிலேயே பாத்தன். முப்பத்து நாலு பாகை பதினெட்டுக் கலைக்கு புள்ளி எட்டு ரெண்டு ஆறு ஒண்டு. மிச்சம் ரெண்டு கலைக்கு மூண்டு. கூட்டினன். எட்டு ரெண்டு ஆறு நாலு."

"சரி."

"எனக்கு மனம் கேக்கேல்லை. எங்கட வழியிலயும் பாப்பம் எண்டு தொண்ணூறில இருந்து கழிச்சு அம்பத்தஞ்சு பாகை நாப்பது கலைக்குச் சைன் பாத்தன். எட்டு ரெண்டு அஞ்சு எட்டு."

நான் நின்றுவிட்டேன். "ரெண்டும் ஒண்டா வரோணுமெல்லே?"

"அதுதான். ஒண்டு எண்டு படிச்சது ரெண்டாக் கிடக்கு. இதுவும் பொய்யோ எண்டு இருந்திட்டன். வேற என்ன மெய்யா இருந்தது, இது மட்டும் இருக்கிறதுக்கு? பேனையை வைச்சிட்டன். எழும்பிப் போவம் எண்டும் நினைச்சன்."

ஒரு சைக்கிள் எங்களைக் கடந்து போனது. அவ அது போகும்வரை பொறுத்தா.

"பிறகு பாத்தா, ஓரத்தில சின்ன எழுத்தில போட்டிருக்கு, கழிக்க எண்டு. கோணம் கூடக் கூடச் சைன் கூடும். கோசைன் குறையும். குறையிறதுக்குக் கூட்டினா எப்பிடிச் சரிவரும்? நாங்கள்தான் அந்தப் பக்கத்தைக் கண்டதேயில்லையே. எட்டு ரெண்டு ஆறு ஒண்டில மூண்டைக் கழிச்சன். எட்டு ரெண்டு அஞ்சு எட்டு. தூரம் எட்டு தசம் ரெண்டு அஞ்சு எட்டு மீற்றர்."

"அப்ப ஒண்டுதான்."

"ஒண்டுதான். என்ர கைதான் பிழைச்சது. அது பிழைக்கேல்லை."

 நான் எழுதியது எட்டு ரெண்டு ஆறு நாலு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயாடிக்கே வரவில்லை.

முடிவு வந்தபோது நான் தேறவில்லை. அந்த ஒரு கணக்கால் இல்லை, ஒரு பத்துக் கணக்கால். மச்சாளுக்குச் சாதாரண சித்தி, தேறிவிட்டா. ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டா. பெரியம்மா வேலியைச் சுற்றி வர நேரமில்லாமல் வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளாலேயே புகுந்து வந்து, "எணேய், இனி ஊசி போடக் காசு கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றா.

மச்சாள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றா. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தா. தன் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டு, ஆரையும் பாராமல் சொன்னா:

"இவருக்குச் சொல்லோணும்."

அண்ணையைத்தான் சொல்கிறா என்று எல்லாருக்கும் விளங்கியது. அம்மாதான் கடைசியில், "ஓம் பிள்ளை" என்றா.

பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று அதே பன் பைதான். யாழ்ப்பாணம் போகிற பஸ் வரும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாரமே இல்லை. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். மடக்கைப் புத்தகம் இருந்தது.

"இது ஏன் மச்சாள், அங்க நேர்சுமாருக்குக் கோசைனோ கேக்கப் போகினம்?"

"கிடக்கட்டும்" என்றா. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு யன்னலால் கையை நீட்டினா. நான் பையைக் கொடுத்தேன். அவ அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி போனா.