இன்னும் இரண்டு வாஷர்

என் மகன் என்னை முதியோர் குடியிருப்பில் சேர்ப்பது என்று முடிவெடுத்தது ஒரு காப்பிப் பாத்திரத்தால்தான். எனக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை இல்லை, மூட்டு வலி இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நான்கு வருடமாகச் சிங்காநல்லூர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவன் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை. அடுப்பில் என் மோக்கா பாட் இருந்தது. கீழே தண்ணீர்ப் பாத்திரம், நடுவில் பொடி போடும் சல்லடைக் கிண்ணம், மேலே காப்பி ஏறி நிற்கும் கூஜா. கீழும் மேலும் மரை வைத்துத் திருகி இறுக்க வேண்டும். தண்ணீர் கொதித்தால் ஆவி அதை மேலே தள்ளும். பொடி வழியாக ஏறிக் காப்பியாக வரும். அன்றைக்கு அது மேலே ஏறவில்லை. நடு மூட்டில் புஸ்ஸென்று சீறி, சுவரிலிருந்த காலண்டர் வரைக்கும் பழுப்பாகப் பீய்ச்சி அடித்தது. சில வாரங்களாகவே அப்படித்தான். குக்கர் விசில் அடிக்காதா, அது மாதிரி என்று நான் விட்டுவிட்டேன்.

மகன் ஓடி வந்து கேஸை மூடினான்.

"அம்மா, இது குண்டுங்க. என்னைக்காவது மூஞ்சில வெடிக்கப் போகுது."

சாயங்காலம் போனை நீட்டிப் படம் காட்டினான். சிறுவாணி போகும் வழியில் ஒரு முதியோர் குடியிருப்பு. தென்னை மரம், நடைபாதை, ஊஞ்சல், சிரித்த முகமாக நாலு கிழவிகள்.

"ரூமுக்குள்ள அடுப்பே கிடையாதுங்மா. பயமே இல்ல. காலையில ஆறரைக்குக் காப்பி ரூமுக்கே வந்துரும். அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துரலாம். வாரோம்னு சொல்லிப்போட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! நான் ஐந்து மணிக்கு எழுகிறவள். ஆறரை வரைக்கும் யாரோ தள்ளிக்கொண்டு வரும் வண்டிக்காகக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டுமாம். ஒரு வார்த்தை பேசாமல் சுவரைத் துடைத்தேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனான்.

அந்தப் பாத்திரம் எனக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தேன். கேஸ்கட், ஆயில் சீல், வாஷர் எல்லாம் என் அலமாரியில்தான். கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவேன். ஒருமுறை மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரருக்கு ஒரு ரப்பர் வளையம் நசுங்கி வேலை நின்றது. மூன்று நாளாக அவருடைய ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் கீழ்த் தட்டிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகும்போது, தான் காப்பி போட்டுக் குடித்த பாத்திரத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆபீசில் ஒரு மாதம் அதைப் பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து காலைக் காப்பி அதில்தான்.

அதைத்தான் குண்டு என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண் முன்னாலேயே அதில் காப்பி போட்டுக் காட்டுவது, அந்தக் குடியிருப்பின் வாசலை மிதிப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். கையில் ஒரு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை அதைக் கழற்றினேன். மேல் கூஜாவைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ரப்பர் வாஷர், அதற்குள்ளே ஒரு சல்லடைத் தட்டு. ஸ்பூன் காம்பால் மெல்ல நெம்பி எடுத்தேன். வாஷர் பழுத்துப்போய், நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. ஒரு பக்கம் கீறல். ஆவி அந்த வழியாகத்தான் தப்பியிருக்கிறது. ஒரு வாஷர்! என்னிடமா இந்த விளையாட்டு? பரணில் கம்பெனிக் காலத்து ரப்பர் ஷீட் ஒரு துண்டு கிடந்தது. காம்பஸால் வட்டம் போட்டு, பிளேடால் அறுத்து, அச்சு அசலாக ஒரு வளையம் செய்து பொருத்தினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அடுப்பில் வைத்து ஐந்து நிமிடத்தில் வீடு டயர் கடை மாதிரி நாறியது. கழற்றிப் பார்த்தால் வளையம் உப்பி நெளிந்திருந்தது. பம்புக்குள் போடுகிற ரப்பரை வாயில் வைக்கிற பாத்திரத்துக்குப் போட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருட அனுபவம் என்று மார்தட்டியவள் செய்த காரியம் அது. நல்லவேளை, பார்க்க யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் உக்கடம் போனேன். அங்கே குக்கர், மிக்ஸி சாமான்கள் விற்கும் கடை ஒன்று தெரியும். தகப்பன் காலத்திலிருந்து நடக்கும் கடை. இப்போது இருக்கும் பாய்க்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"வாங்கம்மா. அட, இதா! இப்பெல்லாம் இதுக்கு வாசரு கேட்டு நெறையப் பேரு வாராங்க. எத்தனை கப்புங்க, மூணா ஆறா?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்களே பாருங்க."

பழைய வாஷரை வைத்துப் பார்த்து, மூன்று கப் என்று சொல்லி ஒரு பாக்கெட்டை எடுத்தார். வெள்ளை சிலிக்கான் வாஷர் மூன்று, புதுச் சல்லடைத் தட்டு ஒன்று. நான் வாங்கிப் பைக்குள் போடப் போனேன். அவர் என் கீழ்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் இருந்த பித்தளைக் குமிழைப் பார்த்தார். அதன் நடுவில் இருக்கும் சின்ன ஊசியைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். இன்னொருமுறை அழுத்தினார்.

"ஏனுங்கம்மா, வால்வு அசையவே இல்லீங்களே?"

"வாசர்தானுங்க போயிருச்சு. அதை மாத்துனா ஒழுகறது நின்னுரும். இருபத்தெட்டு வருசம் பம்பு கம்பெனியில இருந்தவ நானு."

"அப்ப நான் சொல்லவே வேண்டாமுங்க, உங்களுக்கே தெரியும். இத்தன நாளா வாசரு ஒழுகுனதுனாலதான் ஆவி வெளிய போயிருக்குது. புது வாசரைப் போட்டு நல்லா இறுக்கிப்போட்டீங்கன்னா, அப்பறம் ஆவி எந்த வழியாப் போகும்?"

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நானும் அந்த ஊசியை அழுத்திப் பார்த்தேன். ஆபத்துக்கு வழிவிட வேண்டிய வால்வு செத்துக் கிடந்திருக்கிறது. கெட்டுப்போன வாஷர்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. புதிதைப் போட்டு இறுக்கி மகன் முன்னால் அடுப்பில் வைத்திருப்பேனே!

அவர் உள்ளே விரலை விட்டுத் தடவிக் காட்டினார். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

"போர் தண்ணி ஊத்தறீங்களா?"

"குழாயில சிறுவாணித் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வந்தா வேற என்னத்தை ஊத்தறதுங்க?"

"பொடி?"

"பில்டர் பொடிதான். சிக்கரி போட்டது. சிக்கரி இல்லாம அரைச்சுக் குடுத்த பழைய கடைய மூடிட்டாங்க."

"அமுக்கி வெப்பீங்களா?"

"பில்டருக்கு அமுக்கற மாதிரிதானுங்க."

அவர் சிரித்துவிட்டார். சிக்கரி நனைந்தால் பசையாகிப் பொடியை அடைத்துவிடுமாம். தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் கீழே அழுத்தம் கூடுமாம். சிக்கரி இல்லாமல், உப்புத்தூள் பதத்தில் அரைத்து, அமுக்காமல் சும்மா நிரப்ப வேண்டும். தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எலுமிச்சம்பழத் தண்ணியில ஊற வெச்சுப் பாருங்க. ஊசி அசைஞ்சாச் செரி. அசையலீன்னா தூக்கிக் கடாசிப்போடுங்க. தனி வால்வு என்கிட்ட இல்லீங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. மகன் சொன்னது பாதி சரி. அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, வால்வு மூழ்கும் அளவுக்குக் கீழ்ப் பாத்திரத்தில் ஊற்றினேன். அரை மணி கழித்து அழுத்தினேன். அசையவில்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷால் உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, கழுவிவிட்டு, மறுபடி புதிதாகப் பிழிந்து ஊற்றினேன். அசையவில்லை. அந்த ஊசியின் தலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அசையாவிட்டால் ஏமாற்றி வைத்துக்கொள்ள மாட்டேன், குப்பையில் போட்டுவிட்டு மகனுடன் போய் அந்த ஊஞ்சலைப் பார்ப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை நகத்தை வைத்து அழுத்தினேன். ஊசி கொஞ்சம் உள்ளே போய் அங்கேயே நின்றது. குழாயடியில் பிடித்து அழுத்தி அழுத்தி விட்டேன். கடைசியில் உள்ளே போனது துள்ளி வெளியே வந்தது. "வாடி என் ராசாத்தி" என்று சத்தமாகவே சொன்னேன். இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். இருபது தடவையும் துள்ளியது.

பிறகு பள்ளத்தில் புதுச் சல்லடைத் தட்டை வைத்து, அதைப் பிடித்துக்கொள்ளும்படி வெள்ளை வாஷரைச் சுற்றிலும் சமமாக அமுக்கினேன். விளிம்பில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தேன். கைப்பிடியைப் பிடிக்காமல் உடம்பைப் பிடித்துத் திருகினேன். பொடி இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிச் சின்னத் தீயில் வைத்தேன். மூட்டில் ஒரு சொட்டு இல்லை. அடுத்து, சிக்கரி இல்லாமல் புதிதாக அரைத்து வாங்கிய பொடியில் இரண்டு தடவை காப்பி போட்டுக் கீழே கொட்டினேன், ரப்பர் வாசம் போகட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்தான்.

"கெளம்புங்மா, ஒம்போது மணிக்கு வாரோம்னு சொல்லியிருக்கறேன்."

"கம்முன்னு வா இங்க. இந்த ஊசிய அமுத்து."

அழுத்தினான்.

"உள்ள போகுதா? வெளிய வருதா? போன வாரம் இது அசையல. உப்புப் புடிச்சுக் கெடந்துச்சு. நீ சொன்னது பாதி நெசம், கண்ணு. நான் கவனிக்காம உட்டது தப்பு. ஆனா அதுக்கு மருந்து வாசரும் எலுமிச்சம்பழமும். ஊஞ்சல் இல்ல."

அவன் சமையலறை வாசலுக்குத் தள்ளிப் போய் நின்றான், உள்ளே வரவில்லை. நான் தண்ணீர் ஊற்றி, பொடி நிரப்பி, திருகி, அடுப்பில் வைத்தேன். சீறல் இல்லை. கொஞ்ச நேரத்தில் காப்பி மெதுவாக மேலே வந்து நிரம்பியது. களக் களக் என்று சத்தம் வந்ததும் கேஸை அணைத்தேன். அவன் வந்து காலண்டரையும் சுவரையும் பார்த்தான். ஒரு புள்ளி இல்லை. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"கசக்குதுங்மா."

"உனக்குக் கசக்கும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "செரிங், இந்த வாசரும் ஒரு நாளைக்குப் போகுமில்ல? அப்ப?"

காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருந்த இரண்டு வெள்ளை வளையங்களைக் காட்டினேன்.

"ஒண்ணொண்ணும் ஒன்றரை வருசமாவது வரும். இன்னும் ரெண்டு கெடக்குது. அதும் தீரட்டும், அப்பறம் உன்ற ஊஞ்சலைப் பத்திப் பேசலாம்."

அவன் சிரித்தான். ஒன்பது மணிக்கு அவனே போன் போட்டு, வரவில்லை என்று சொன்னான். போகும்போது ஆணியைத் திரும்பிப் பார்த்து, கணக்கு வைத்துக்கொள்பவன் மாதிரித் தலையை ஆட்டினான்.

மறுநாள் பஸ் ஏறி உக்கடம் போய் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். அவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. அவனிடம் சொல்லவில்லை.