காலையில் புதுசு, சாயங்காலம் பழசு

எங்கள் இன்சார்ஜை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனசு மாறி அவரைப் புகழப் போகிறேன் என்று யாராவது காத்திருந்தால் ஏமாந்து போவார்கள்.

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பிள்ளைப்பாக்கத்தில் இதே வேலையை ஒன்பது வருஷம் பார்த்தேன். பெயிண்ட் அடித்து, சூட்டில் காய்ந்து, கன்வேயரில் தொங்கி வரும் பம்பரை வெளிச்சத்தில் நிறுத்திக் குறை பார்ப்பதுதான் வேலை. தூசி எது, ஒழுகல் எது, ஊசி முனை அளவு குழி எது என்று என் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி பெயிண்ட் பிரிவையே மூடிவிட்டது. அதனால்தான் இங்கே வந்தேன், லைன் லீடர் என்ற பெயரோடு.

ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் நிரந்தரம் ஆகவில்லை என்றால் வெளியே போக வேண்டும். எனக்கு முப்பத்தைந்து வயது. எங்கள் பக்கத்தில் எந்த கேட்டில் போய் நின்றாலும் இருபது வயதுப் பெண்ணைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இந்த வேலை போனால் இன்னொன்று இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பென்னலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வருவேன்.

இன்சார்ஜ் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். முதல் நாளே என் பின்னால் வந்து நின்றார்.

"நடுவுல ஆரம்பிச்சுப் பாக்கோணுங்க. ஓரம் கடைசியில. இடையில தாவக் கூடாதுங்க."

"தெரியும் சார்."

"தெரியும்னு எல்லாருந்தான் சொல்றாங்க. நான் சொல்ற வரிசையில பாருங்க."

அவருடைய வரிசை என்றால், பம்பரின் நடுவில் ஆரம்பித்து ஓரத்தில் முடியும். நான் ஓரத்தில்தான் ஆரம்பிப்பேன். குறை ஓரத்தில்தான் ஒளியும் என்று பழகிய கண் இது. அதைச் சொன்னேன். "இங்க நீங்க புதுசுங்க" என்றார். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச் வேறு. ஓரத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்து அடுத்த பம்பர் வந்து நிற்கும்.

தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் ஹாலில் இன்சார்ஜ்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஆளுக்குத் தகுந்த மாதிரி மேய்ப்பது எப்படி என்று. அவரே எங்களிடம் ஒப்பித்துக் காட்டினார். வேலை தெரியாதவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூடவே நிற்க வேண்டும். வேலையும் தெரிந்து தைரியமும் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நடுவில் தடுமாறுகிறவரிடம் ஏன் எதற்கு என்று விளக்கிப் பேச வேண்டும், தட்டிக்கொடுக்க வேண்டும். நல்ல பாடம்தான். இவர் அதை எப்படிப் புரிந்துகொண்டு வந்தார் என்பதில்தான் என் தலையெழுத்து இருந்தது.

ஒரு மாதம் பின்னால் ஒருவர் நின்றால் என்ன ஆகும்? எனக்கே என் கண் மேல் சந்தேகம் வந்தது. பக்கத்து மேஜைப் பெண்களுக்கு நான்தான் லீடர். ஆனால் ஒரு சின்னத் தூசியைப் பார்த்தாலும் "சார், இது ஓகேவா?" என்று நானே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அதில் பரம திருப்தி. பார்த்தீர்களா, இந்தம்மாவுக்கு இன்னும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். நான் காது கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

அப்போதுதான் கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய பம்பர்களில் பெயிண்ட்டில் குழி. அவர்களுடைய குவாலிட்டி ஆள் நேரில் வருகிறார், லைன் லீடர் பதில் சொல்ல வேண்டும். நான் வாழ்நாளில் கஸ்டமர் முன்னால் உட்கார்ந்தது கிடையாது. பழைய கம்பெனியில் அதற்கென்று ஆள் உண்டு. இதை இன்சார்ஜிடம் சொன்னேன்.

"ஒம்பது வருச எக்ஸ்பீரியன்ஸ்ங்க உங்களுக்கு. நீங்களே பாத்துக்கோங்க. நான் நடுவுல வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே வரவில்லை. அவருக்கு வேறு மீட்டிங் இருந்ததாம்.

நான் போய் உட்கார்ந்தேன். வந்தவர் முதல் கேள்வியே, "எங்க ஸ்டோர்ல இருக்கற பீஸை என்ன பண்ணீங்க?" என்றார். எனக்குக் குழி எப்படி வரும் என்று தெரியும். அந்த பீஸை என்ன செய்ய வேண்டும், யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. "பெயிண்ட்ல எண்ணெய்ப் பசை பட்டிருக்கும் சார்" என்றேன். "பட்டிருக்குமா, பட்டுச்சா?" என்றார். மேனேஜரைக் கூப்பிட்டார்கள். மேனேஜரோடு இன்சார்ஜும் வந்தார். இன்சார்ஜ் என்னைப் பார்த்துவிட்டுக் கஸ்டமரிடம் சொன்னார்:

"சாரிங்க சார். இந்தம்மா புதுசு."

அடுத்த வாரம் மறுபடி வருவேன், ஒழுங்காகப் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கஸ்டமர் போனார். மேனேஜர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "அடுத்த தடவையும் இப்படின்னா ப்ரொபேஷனை யோசிக்கணும்மா." கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மேனேஜர் போனதும் இன்சார்ஜை வராண்டாவில் மடக்கினேன். பின்னால் வாஷிங் லைன் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. சத்தமாகப் பேசத்தான் எனக்கும் ஆசை.

"இன்னா சார் இது? காலையில பம்பர் பாக்க சொல்லோ நான் புதுசு. சாயங்காலம் கஸ்டமர் வரச்சொல்லோ நான் பழசு. எனக்குத் தெரிஞ்ச வேலையில பின்னாலயே நின்னுகினு கீறீங்க. தெரியாத வேலையில தனியா வுட்டுட்டுப் பூட்டீங்க. இன்னா கணக்கு சார் இது?"

"மரியாதையாப் பேசுங்க."

"சார்னுதான் சொல்லிகினு கீறேன். இதுக்கு மேல இன்னா மரியாதை? அந்தக் கிளாஸ்ல ஆளைப் பாக்க சொன்னாங்களா, வேலையைப் பாக்க சொன்னாங்களா?"

அவர் முகம் கறுத்தது. அடிக்க வருவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பி லைன் பக்கம் நடந்துவிட்டார். சரி, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் கொடுத்த முறுக்கைக்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலையில் என் பின்னால் யாரும் இல்லை. ஸ்டாப் வாட்சும் இல்லை. பழைய பழக்கப்படி ஓரத்தில் ஆரம்பித்தேன். கார் கம்பெனி திருப்பி அனுப்பிய பம்பர்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தேன். எல்லாக் குழியும் உள்மடிப்பு ஓரத்தில், ஒரே இடத்தில். பிளாஸ்டிக்கை உருக்கிப் பம்பர் வார்க்கும் மோல்டிங் பிரிவில், அச்சில் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஒட்டாமல் இருக்க அங்கே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். சிலிக்கான் ஸ்ப்ரே, அது பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, விலகிக் குழி விழும். மோல்டிங்கில் போய்க் கேட்டேன். ஸ்ப்ரே டப்பாவை மறைக்கக்கூட இல்லை.

மதியம் இன்சார்ஜ் வந்தார். பம்பர் பக்கம் திரும்பவே இல்லை. என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, "உக்காருங்க. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லோணுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க என்னை வறுத்தெடுத்தார். முதலில் சந்தேகப்பட்ட சரக்கு எங்கெங்கே இருக்கிறது, நம்மிடம், லாரியில், அவர்கள் ஸ்டோரில். எல்லாவற்றையும் நிறுத்தியாச்சா, மறுபடி பார்த்தாச்சா, நல்லது எத்தனை, கெட்டது எத்தனை. அதற்கு அப்புறம்தான் காரணம். குறை ஏன் வந்தது என்பது ஒன்று, நாம் ஏன் பிடிக்கவில்லை என்பது வேறொன்று. நிரூபிக்காததைக் காரணம் என்று சொல்லவே கூடாது. ஒரு வார்த்தை மாறினால் "மறுபடிங்க" என்பார். பாராட்டு கிடையாது. டீ கிடையாது. ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமே வைக்கவில்லை. மனிதர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இரண்டு நாள் கழித்து நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஏன் முதலிலேயே காரணத்தைச் சொல்லக் கூடாது? "அவங்க லைன் நிக்குமோன்னு பயந்துதான் வர்றாங்க. அந்த பயம் போகாம நீங்க சொல்ற காரணம் காதுல ஏறாதுங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் எனக்கு ‘ஏன்’ என்று ஒன்றை விளக்கினார்.

ஒருநாள் கஸ்டமர் மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்டார்: "செரி, குழி வந்துச்சு. உங்க ஆளுங்க ஏன் புடிக்கல?"

நான் தயாராகத்தான் இருந்தேன். "நீங்க குடுத்த வரிசையால சார். ஓரம் கடைசியில வருது. அங்க வரதுக்குள்ள டைம் முடிஞ்சிருது."

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"அதையே சொல்லுங்க. ஆளைச் சொல்லாதீங்க, வரிசையைச் சொல்லுங்க. வரிசையை மாத்தியாச்சு, இனி ஓரத்துல ஆரம்பிக்கறோம்னு சொல்லுங்க."

"மாத்தியாச்சா சார்?"

"நீங்கதான் ஏற்கனவே மாத்திட்டீங்களே. பாக்காமயா இருக்கேன்?"

கஸ்டமர் வந்த அன்று நான் பேசினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில், பழைய சரக்கைப் பற்றிக் குறுக்குக் கேள்வி வந்து நான் திணறியபோது, லாரியில் இருந்ததைத் திருப்பிய விவரத்தை மட்டும் சொல்லிவிட்டு, "மீதிய மேடம் சொல்வாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொன்னேன். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்காக இன்சார்ஜ் திருந்திவிட்டார் என்றில்லை. அடுத்த வாரமே ஷூ லேஸ் சரியாகக் கட்டவில்லை என்று பத்துப் பேர் முன்னால் என்னை நிறுத்திவைத்தார்.

ப்ரொபேஷன் முடிகிற நாளில் மேனேஜர் ரூமில் நாங்கள் மூன்று பேர். மேனேஜர் இன்சார்ஜைப் பார்த்துக் கேட்டார்: "என்னப்பா, இவங்களைத் தனியா விடலாமா?"

ஆமாம் என்று சொன்னால் நிரந்தரம். இல்லை என்றால் கேட்டுக்கு வெளியே. நான் அவர் வாயையே பார்த்தேன்.

"எதுல சார்?" என்றார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"பம்பர் பாக்கறதுல இவங்களை யாரும் கேக்க வேண்டாங்க சார், நான் உட்பட. கஸ்டமர்கிட்டப் பேசறதுல இன்னும் ரெண்டு தடவை நான் கூட உக்காரோணும். அதுக்கப்புறம் வேண்டாம். கன்ஃபர்ம் பண்ணிருங்க."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "லேஸைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு இன்சார்ஜ் லைனுக்குப் போய்விட்டார். இன்னும் ரெண்டு தடவை என்று அவர் சொன்னது சரியான கணக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.