வயரைக் கழற்றிக் காட்டிய நாள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, டவுனில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் டிப்ளோமா படிக்கப் போனேன். சைபர் பாதுகாப்பு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு அத்தியாயம். பாடம் எடுத்த சேர் அதை ஒரு காலைக்குள் வாசித்து முடித்துவிட்டார். மீதியை நானும் என் தோழியும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களை வைத்துப் படித்தோம். அவள் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு பேரிடமும் போன் மட்டும்தான்.

இலவசப் பயிற்சித் தளங்களில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் தருவார்கள். கல்லூரி லேப்பின் இணையம் அதற்குள் நான்கு தடவை அறுந்து போகும். அதனால் உடைத்துப் பழகவே ஓட்டைகளோடு எழுதி வைத்த ஒரு வெப்தளத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய், லேப் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள்ளேயே ஓட வைத்தோம். யோசனை அவளுடையது.

ஒரு நாள் பாஸ்வேர்ட் தெரியாமலே, அந்தத் தளத்தின் லொகின் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு ஒரு வரி அடித்தேன். தளம் என்னை உள்ளே விட்டுவிட்டது. பின்னால் நின்ற லேப் பொறுப்பாளர் பார்த்துவிட்டார்.

யாருடையதோ தளத்தை ஹேக் பண்ணினேன் என்று மறுநாள் லேப்பிலேயே விசாரணை. மூன்று சேர்மார், எல்லாம் சிங்களத்தில். எனக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு; அதனால் பாஷை தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

"சேர், இது வெளியில இருக்கிற தளம் இல்ல. இந்த மெஷினுக்குள்ளயே ஓடுது. பாருங்க" என்று சொல்லி, நெட்வேர்க் வயரைக் கழற்றினேன். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். திறந்தது.

மூத்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். "பார்த்தீங்களா, இன்டர்நெட் இல்லாமலே ஹேக் பண்றா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருந்த தோழியைப் பார்த்தேன்.

"நீங்களும் சேர்ந்துதானா செய்தீங்க?" என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது சேர்" என்றாள், மேசையைப் பார்த்தபடி.

லேப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்கள். நற்சான்றிதழில் 'ஒழுக்க விசாரணைக்கு உட்பட்டவர்' என்று ஒரு வரி எழுதினார்கள். கொழும்பில் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனத்தில் பயிலுநர் வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். பரீட்சையில் இருவருமே பாஸ். நேர்முகத்தில் அந்த வரியைப் பார்த்தவர், "இந்த வேலைக்கு இது சரிவராதே, தங்கச்சி" என்று மரியாதையாகவே சொன்னார். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

நான் இப்போது பஜாரில் போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறேன். போன வாரம் அவள் கோல் பண்ணினாள். என்னென்னவோ பேசிவிட்டு, "அன்னைக்கு நானும் உண்மையைச் சொல்லியிருந்தா இந்த வேலை ரெண்டு பேருக்குந்தான் இல்லாம போயிருக்கும்" என்றாள்.

"சரிதான்" என்றேன்.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு ஒரு ஐயா வந்து நின்றிருக்கிறார்; அவர் பேரைக்கூடக் கேட்காமல் எதையோ அடித்துக்கொண்டிருந்தேன்.