படித் திருவிழா ராத்திரியில் பிறந்தவள்

என் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டது என்று திருத்தணி முழுக்கப் பேசினார்கள். அநியாயம். கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசி... பிரிண்டர் கிர்ர்ர்... கிர்ர்ர்... என்று இழுக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். யாரிடமும் படிக்காமல் நானே எழுதிய ஜாதக புரோகிராம். தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கிரகங்கள் நின்ற இடத்தைக் கணக்கிட்டு, பஞ்சாங்கத்தோடு ஒத்துவர அயனாம்சம் என்ற வித்தியாசத்தைக் கழித்து, கட்டம் போட்டுத் தரும்.

ஒரு மத்தியானம் சரோஜா அக்கா வந்தார். வீட்டில் பவர்லூம் ஓட்டுகிறவர். கையில் மகளின் இரண்டு ஜாதகம். கையால் எழுதிய பழையதில் மகம். முந்தின வாரம் என் மிஷின் போட்டதில் ஆயில்யம்.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். இரண்டையும் பார்த்த அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டார், நட்சத்திரத்தை மறைக்கத்தான் பழைய ஜாதகத்தை மாற்றி எழுதினீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவ நைனா சாப்பிடாம உக்காந்துகினு இருக்காரு தம்பி. எது நெசம்னு நீயே சொல்லு."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் துலா லக்னம். அங்கேதான் பிடி கிடைத்தது. லக்னம் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் ராசி மாறும். நேரம் தப்பாக இருந்தால் அதுதான் முதலில் ஓடும். அது நகரவில்லை. சந்திரன் மட்டும் ஒரு நட்சத்திரம் பின்னால் நின்றது. சந்திரனுக்கு அது ஒரு நாள் நடை. அப்படியானால் நேரம் சரி, தேதிதான் தப்பு.

"எப்பக்கா பொறந்தா?"

"அதான் சொன்னேனே. டிசம்பர் முப்பத்தொண்ணு, படித் திருவிழா ராத்திரி, ரெண்டு மணி. மலையில படிக்குப் படி பாடுற பஜனை கேட்டுகினு இருந்துச்சு."

"அப்ப புது வருசம் பொறந்துடுச்சா?"

"ஆங்... பன்னெண்டுக்கே பொறந்துடுச்சு. ஆனா விடியலியே?"

நமக்கு விடிந்தால்தான் மறுநாள். மிஷினுக்கு நள்ளிரவிலேயே மறுநாள். அவர் சொன்ன தேதிக்கு, அது முந்தின ராத்திரி இரண்டு மணியைப் போட்டுவிட்டது.

ஜனவரி ஒன்று என்று மாற்றி அடித்தேன். கிர்ர்ர்... மகம். சிம்ம ராசி. அதே துலாம்.

அக்கா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பொய்க்காரினு சொன்னாங்க தம்பி" என்றார். அப்புறம்தான் தண்ணீர் கேட்டார். அதே மாப்பிள்ளையோடு தையில் கல்யாணம் நடந்தது.

அன்று சாயங்காலமே புரோகிராமில் ஒரு கேள்வி சேர்த்தேன்: 'நள்ளிரவுக்குப் பின், விடியலுக்கு முன்னா?'

இப்போது போனில் நொடியில் ஜாதகம் வருகிறது. இந்தக் கேள்வியைத்தான் காணோம்...

ஆப் எழுதுகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும். பெற்றவர்கள், எந்த ராத்திரி, விடிந்தால் எந்தத் தேதி என்று இரண்டையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், பொய் என்று சொல்வதற்கு முன் லக்னத்தைப் பார்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் என் மிஷினைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.

சரோஜா அக்கா எதுவும் செய்ய வேண்டாம். அவர் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறார்.