பே ஆர்டரில் அம்மாவின் பெயர்

எங்கள் தாராவி சந்தில் பேங்க் என்றால் பைப் பட்டறை அண்ணாச்சியின் செல்போன்தான். கரண்ட் பில், ரயில் டிக்கெட், ஊருக்கு அனுப்பும் பணம், எல்லாவற்றுக்கும் ரொக்கத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி, "போயிட்டு, பாரு" என்பார். ஸ்கிரீன்ஷாட் நமக்கு வரும். அனுப்பியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். பிறகு கல்யாண வீடுகளில் அவர் சொல்வார்: "அவன் மவனுக்கு ஃபீஸு கட்டுனதே நாமதான்."

அவர் பட்டறையில்தான் அம்மா பைகளுக்குக் கைப்பிடி தைக்கிறாள்.

டிப்ளமோ முடித்த எனக்கு செம்பூரில் ஒரு கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு என்ஜினீயரிங் இடம் கிடைத்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்குள் அறுபத்தெட்டாயிரம் கட்டி ரசீது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். பணம் இருந்தது. அம்மா தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். எந்த வழியாகக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

"எங்கிட்ட எடுத்துக் குடுத்துரு, ரெண்டு நிமிஷ சோலி," என்றார் அண்ணாச்சி.

நான் மாட்டேன் என்றேன். காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அவர்தான் ஆன்லைனில் கட்டினார். அடுத்த சுற்றில் அவனுக்கு நல்ல கல்லூரி கிடைத்தது. பழைய கல்லூரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு. அண்ணாச்சி, "வியாபாரத்துல மாட்டிக்கிட்டுல்லா" என்று இரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அதற்குள் நல்ல கல்லூரியின் கதவு சாத்திவிட்டது. எனக்கும் இன்னொரு சுற்று பாக்கி இருந்தது.

அன்று காலையிலேயே கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அங்கிருந்த கிளார்க் மேடம் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். வெப்சைட் லிங்க்கில் கட்டினால் உடனே ரசீது. வேண்டாம் என்றால் பணம் வந்த வழியே திரும்பும். காலேஜ் கணக்கு எண்ணுக்கு நேராக நெஃப்ட் பண்ணினால் பணம் வந்து சேரும், ஆனால் யார் பணம் என்று ஸ்டேட்மென்டில் தேடிப் பிடித்து ரசீது போட ஓரிரண்டு நாள் ஆகும். கடைசி நாளில் அது உதவாது. டிராஃப்ட், பே ஆர்டர் இரண்டுமே வாங்குவோம், கையில் கொடுத்ததும் ரசீது. திரும்ப வாங்க நேர்ந்தால் மாணவன் எழுதிக் கொடுக்கும் கணக்குக்குப் போகும்.

லிங்க்கில் நானே கட்டியிருக்கலாம். அம்மா என் கணக்குக்கு மாற்றினால் போதும். ஆனால் என் பழைய செல் உடைந்து, அன்று சாயங்காலம்தான் புதிதில் பேங்க் ஆப்பைப் பதிந்திருந்தேன். முதல் இருபத்துநாலு மணி நேரம் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்ப விடாது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஆக, பேங்க்குக்குப் போய் டிராஃப்ட்தான் எடுக்க வேண்டும். அம்மாவின் கணக்கு கைரேகைக் கணக்கு. அவள் நேரில் வந்தே ஆக வேண்டும்.

"நாளைக்கு சுட்டி, லீவு ஒண்ணும் கெடையாது. வண்டி வருது, முந்நூறு பை ஏத்தணும்," என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள! செல்லுல முடியுத காரியத்துக்குக் க்யூவுல நிக்கப் போறானாம். அப்படி டிராஃப்டுதான் வேணும்னா ரொக்கத்த எடுத்து நாப்பதும் இருபத்தெட்டுமா ரெண்டா ஒடச்சு வாங்குலே. ஐம்பதுக்குக் கீழன்னா கேக்க மாட்டான்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா தைத்துக்கொண்டிருந்த கைப்பிடியை முடித்து நூலைக் கடித்தாள். "அண்ணாச்சி, எங்க ரூவாய ஒடைக்கவும் வேண்டாம், கைமாத்தவும் வேண்டாம். நாளைக்கு நான் வர மாட்டேன்."

"நாளைக்கு மட்டுமா, வேலைய விட்டே நிக்கியா?"

"அது ஒங்க இஷ்டம்."

மறுநாள் பத்து மணிக்கு மாட்டுங்கா கிளையில் நின்றோம். கவுன்டருக்குப் பின்னால் தமிழ்ப் பெண்மணி ஒருவர். நான் டிடி என்று நிரப்பிய படிவத்தைப் பார்த்தார்.

"செம்பூர்தானே? டிராஃப்ட் வெளியூருக்குப்பா. உள்ளூருக்கு பேங்கர்ஸ் செக் போறும், பே ஆர்டர்ம்பாளே, அதான். காலேஜ்ல வாங்கிப்பாளா?"

"வாங்கிக்குவாங்க மேடம், கேட்டுட்டேன்."

"சமத்து. வேற ஃபாரம் நிரப்பு. காலேஜ் கணக்கு எந்தப் பேர்ல இருக்கோ அதே பேரை எழுது. தப்பா அடிச்சா திருத்த முடியாது, கேன்சல் பண்ணி வேறதான் போடணும். ரொக்கமா கட்டப் போறேளா?"

"கணக்குலேர்ந்து."

"அதான் சரி. ஐம்பதாயிரமும் அதுக்கு மேலயும் ரொக்கத்துக்குக் குடுக்க மாட்டோம்."

ஒரே கட்டணத்தை இரண்டாக உடைத்துக்கொண்டு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "திருப்பி அனுப்புவேன்."

பாஸ்புக் போட்டோவையும் அம்மாவின் முகத்தையும் ஒப்பிட்டார். அம்மா ரேகை வைத்தாள். பிறகு கேட்டாள்: "இதுல யாரு பேரு வரும்?"

"காலேஜ் பேர். கீழ, வாங்கினவா பேரும் அச்சாகும். இப்ப அதான் ரூல். யார் கணக்குலேர்ந்து போறதோ அவா பேர்."

"எம் பேரா?"

"உங்க பேர்தான்."

"அப்ப அடிங்க."

இயந்திரம் உடனே அடித்துவிட்டது. ஆனால் அந்தத் தொகைக்கு இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாமவர் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அம்மாவின் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அண்ணாச்சியின் குரல் கேட்டது: வண்டி வந்துவிட்டதாம்.

"வரட்டும்," என்றாள் அம்மா.

"இன்னும் கெடைக்கலையோ? பேசாம லிங்க்க எனக்கு அனுப்பச் சொல்லு. நானே கைக்காசப் போட்டுக் கட்டுதேன், பொறவு குடு."

மூன்று மணி நேரத்தில் என் இடம் போய்விடும். அவர் நினைத்தால் இரண்டு நிமிஷத்தில் கட்டிவிடலாம். உண்மையைச் சொல்கிறேன், நான் தடுமாறினேன். அம்மாவிடம் சரி என்று சொல்லக்கூட வாய் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"எம் பேரு அடிச்சாச்சு அண்ணாச்சி," என்று போனை வைத்தாள். எழுந்து கவுன்டருக்கு நேராகப் போய் நின்றாள். டோக்கன் எண் வந்தவர்கள் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. செக்யூரிட்டி "பைட்டோ மௌஷி, பைட்டோ" என்றார். அம்மா உட்காரவில்லை.

இரண்டு மணிக்கு இரண்டாம் கையெழுத்து விழுந்தது.

பஸ்ஸில் நான் அந்தத் தாளை ஃபைலுக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தேன். மூன்று மாதம் செல்லும் என்று அதில் இருந்தது. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் செல்லுபடியானால் போதும் என்று இருந்தது. சயான் நெரிசலில் பஸ் நின்றபோது இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

மூன்றரைக்கு கல்லூரி ஜன்னலில் நீட்டினேன். கிளார்க் மேடம் பின்பக்கம் என் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் எழுதச் சொன்னார். முன்பக்கத்துப் பெயரைப் படித்துவிட்டு, "யே கோன்?" என்று கேட்டார், இது யார் என்று.

"இவங்கதான்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. ரசீதை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டவில்லை. அம்மாவிடம் நீட்டினார்.

அடுத்த சுற்றில் எனக்கு வேறு இடம் வரவில்லை. அதே கல்லூரியில் படிக்கிறேன். அம்மாவை ஒரு வாரம் பட்டறையில் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்கள், அவளைப் போல் கைப்பிடி தைக்க ஆள் கிடைக்காமல். அன்று அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "எல்லாம் சரி, பேங்க்காரன் கமிஷன் வேற புடிச்சிருப்பானே?"

"புடிச்சான்," என்றாளாம் அம்மா. "ஆனா கல்யாண வீட்டுல சொல்லிக் காட்ட மாட்டான்."