இத்தாவில் தைத்த ஜாக்கெட்

கணவர் மௌத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் நான் துக்கம் காத்து இத்தா இருந்தேன். வாசல் தாண்டக்கூடாது. எனக்குக் கொடுத்த பின்னறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. கையை நீட்டினால் அந்தச் சுவரைத் தொடலாம்.

அதற்கு முன்பே மூன்று வருடமாக, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு துணிக்கடைக்குப் போய்த் தைத்துக்கொண்டிருந்தேன். பழைய பருத்திப் புடவைகளை மூன்று மடிப்பாக அடுக்கி, நகராமல் இருக்கப் பெரிய தையலாக ஓட்டிவைத்து, அதன்மேல் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும். காந்தா என்பார்கள். அந்தத் துணியில் ஜாக்கெட் செய்தால் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். கடை நடத்திய அக்கா வேலையை வீட்டுக்கே அனுப்பட்டுமா என்று கேட்டபோது கணவரின் அம்மாவான மாமி சம்மதித்தார். "கையில வேலை இருந்தா புத்தி கெடாது. செய்யட்டும்."

வழக்கமாகத் துணி முழுவதையும் தைத்து முடித்த பிறகுதான் வெட்டுவோம். தைக்கத் தைக்கத் துணி சுருங்கும் என்பதால்தான். இந்த முறை அவசரம். ஊருக்குத் திரும்பப்போகும் ஒரு பெண் கேட்டது என்று, முதுகுப்பக்கத்தையும் முன்பக்கங்களையும் இரண்டு விரல் கூடுதலாக முன்பே வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

காலையில் தொடங்கினால் சாயங்காலம் அஸர் பாங்கு வரை தைப்பேன். ஊசியில் நான்கைந்து தையலைக் கோத்து ஒரே இழுப்பு. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. யாரும் பேச வராத அந்த அறையில் நூலை இழுப்பது ஒன்றுதான் என் இஷ்டத்துக்கு நடந்தது. எவ்வளவு இறுக்கி இழுத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அக்கா வந்து முதுகுத் துண்டைக் காகித அளவின்மேல் விரித்துப் பார்த்தார்.

"என்னம்மா, இப்படி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு?"

"எவ்ளோ கம்மி?"

"மூணு விரல். முன்பக்கமும் அப்படித்தான். பட்டனே போட முடியாது."

பிரித்துத் தைக்கவும் வழியில்லை. நைந்த புடவை, நூலை உருவினால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். அக்கா திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை மடித்தார். இனி வேலை வராது என்று நினைத்தேன். அந்தச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் எப்படி இருப்பது?

"ரெண்டு பக்கமும் பட்டி வச்சு அகலமாக்கித் தரேன். நாளைக்கு சாயங்காலம் வாங்கக்கா," என்றேன்.

அந்தப் புடவையில் மிச்சம் இருந்தது உள்ளங்கை அளவுத் துண்டுகள்தான். வீட்டில் துவைத்துத் துவைத்து அதே மாதிரி மெலிந்த பருத்தி வேறு எது? கூடத்தில், ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகக் கணவரின் கைலிகளை நாத்தனார் கட்டி வைத்திருந்தாள். நீலக்கட்டம் போட்ட ஒன்றை உருவினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன பாபி இது? எவளோ போடுற கோட்டுல எங்க அண்ணன் கைலியா?"

கைலியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். அறைக்குள் அடைத்தது போதாதென்று அவர் துணியைத் தொடவும் கேட்டு நிற்க வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது.

மாமி தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்தினார். "தர்மம் பண்ணாலும் எவனோதான் கட்டப்போறான். விடு, எடுத்துக்கட்டும்."

கைலியை மூன்று மடிப்பாக அடுக்கி, வேண்டியதைவிட அகலமாகவே வைத்துத் தைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியைத் தொடையில் விரித்து, கட்டைவிரலால் நீவி, நூலைத் தளர்த்திவிட்டேன். அவர் உடம்பில் கிடந்த துணி என்பதாலோ என்னவோ, கை தானாகவே மெதுவானது. அன்றுதான் அழுதேன். பிறகு அளந்து, பட்டிகளாக வெட்டி, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் இணைத்தேன். புடவையின் மிச்சத்தில் இலைகள் வெட்டி, ஓரம் மடித்து, இணைப்பு தெரியாதபடி மேலே வைத்துத் தைத்தேன்.

வாங்கிய பெண் கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு போனாளாம்.

இத்தா முடிந்ததும் வீட்டில் ஒரே பேச்சு: இனியும் வேலை இங்கேயே வரட்டும், வெளியே என்ன வேலை? கடைக்குப் போகும் ஆசையை நான் சொல்லவே இல்லை. சொன்னது அக்காதான். "தைச்ச பிறகுதாங்க வெட்டணும். இவங்க கண்ணு முன்னாடி வெட்டலேன்னா மறுபடியும் அளவு போயிடும். வாரத்துக்கு ஒரு நாளாவது அனுப்புங்க."

மாமி யோசித்தார். "செவ்வாக்கிழமை மட்டும். மத்தியானம் லுஹருக்குள்ள திரும்பிடணும்."

மற்ற ஆறு நாளும் அதே அறைதான், அதே ஜன்னல்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் தைத்த துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருகிறேன்.